மணியின் தொப்பையும் ஒரு பூச்சிமருந்தின் தங்கையும்

போன வருஷம் சித்திரையில் வீரசோழன் போயிருந்தபோது வீட்டுத் திண்ணையில் மணி படுத்திருந்தான். வெள்ளை ஸ்பிட்ஸ், பதினோரு வயசு, எடை 12 கிலோ. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி, கால்கள் மட்டும் குச்சியாகத் தெரிந்தன. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டே இருந்தான்.

"வெயில்ப்பா. மனுசனுக்கே மூச்சு முட்டுது, அதுக்கு முட்டாதா?" என்றார் அப்பா.

"வயசாச்சுல்ல. நல்லாத்தான் திங்குறான், தொப்பையப் பாரு" என்றார் அம்மா.

இரண்டுமே நியாயமான பதில்கள்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கோடையில் இரைக்காத நாயைப் பார்க்க முடியாது. கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடக்கும், நிழல் என்றால் சீமைக்கருவேலம் மட்டும்தான். ஆனால் மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு, காற்று கொஞ்சம் குளிர்ந்து அடித்த நேரத்திலும், மணி அதே மாதிரி இரைத்துக்கொண்டிருந்தான். தண்ணிச் சட்டியும் காலியாக இருந்தது. அம்மா ராத்திரி படுக்கும்போது நிரப்பி வைத்த சட்டி அது.

அங்கிருந்து தொடங்கிய தேடல்தான் இந்தப் பதிவு. நான் கால்நடை மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். மணிக்கு வந்த நோய் என்ன, அதை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள், அதற்கான முதல் மருந்து எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். அது ஒரு பூச்சிக்கொல்லியில் போய் முடியும் என்று எதிர்பார்க்கவில்லை.

முதலில் தண்ணியை அளந்தோம்

மருத்துவரைப் பார்க்கும் முன்னால் கையில் ஒரு எண்ணாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். நாய் எவ்வளவு தண்ணி குடிக்கிறது என்று அளப்பது சுலபம். காலையில் ஆறு மணிக்கு அளந்து ஊற்ற வேண்டும், நடுவில் ஊற்றுவதையும் குறித்துக்கொள்ள வேண்டும், மறுநாள் ஆறு மணிக்கு மிச்சத்தைக் கழிக்க வேண்டும். கோழியும் காக்காயும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். நம்ம ஊர் வெயிலில் இன்னொரு சிக்கலும் உண்டு, தண்ணி ஆவியாகும். அதற்காக அதே மாதிரி இன்னொரு சட்டியில் தண்ணி ஊற்றி, மணிக்கு எட்டாத இடத்தில், அதே வெயிலில் வைத்தேன்.

மூன்று நாள் கணக்கு 2,100, 1,950, 2,250 மில்லி என்று வந்தது. சராசரி 2,100. எட்டாத சட்டியில் ஒரு நாளைக்கு 180 மில்லி குறைந்தது. அதைக் கழித்தால் 1,920. மணியின் எடை 12 கிலோ, ஆக கிலோவுக்கு 160 மில்லி.

சாதாரண நாய் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50, 60 மில்லி குடிக்கும். கோடையில் கூடும். ஆனால் 100 மில்லியைத் தாண்டினால் வெயிலை மட்டும் காரணம் சொல்ல முடியாது, உள்ளே என்னமோ இருக்கிறது என்று அர்த்தம். அது சர்க்கரை நோயாக இருக்கலாம், சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம், கருத்தடை செய்யாத பெண் நாயென்றால் கர்ப்பப்பையில் சீழாக இருக்கலாம். இன்னொன்று, அண்ணீரகச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது.

மதுரையில் மருத்துவர் மணியைப் புரட்டிப் பார்த்தார். அடிவயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினார். தோல் சிகரெட் தாள் மாதிரி மெல்லிசாக இருந்தது, உள்ளே ஓடும் நீல நரம்பு அப்படியே தெரிந்தது. இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டியிருந்தது, ஆனால் சொறியவில்லை. "அரிப்பு இல்லாம ரெண்டு பக்கமும் சமமா முடி போனா ஹார்மோனத்தான் முதல்ல சந்தேகப்படணும் சார்" என்றார். அடுத்து அவர் கேட்ட கேள்வியை மறக்க மாட்டேன். "அரிப்புக்குனு ஊசி, மாத்திரை, ஆயின்மென்ட், காதுச் சொட்டு, ஏதாவது போட்டீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்குப் பிறகு வருகிறேன். அப்பா போட்டது வேப்பெண்ணெயும் மஞ்சளும் மட்டும்தான்.

பால்டிமோரில் ஒரு பெண்

இந்த நோய்க்குப் பெயர் குஷிங் நோய். ஹார்வி குஷிங் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த மூளை அறுவை மருத்துவர். 1910இல் அவரிடம் 23 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். முகமும் வயிறும் பெருத்து, கை கால் மெலிந்து, தோல் மெலிந்து, லேசாகப் பட்டாலே கன்றிப்போகும் நிலை. 1912இல் வெளிவந்த பிட்யூட்டரிச் சுரப்பி பற்றிய தன் புத்தகத்தில் அவளை மின்னி ஜி. என்ற பெயரில் குஷிங் பதிவு செய்தார். எந்தச் சுரப்பி கெட்டுப்போனது என்று அப்போது அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை, பல சுரப்பிகள் சேர்ந்த கோளாறு என்று எழுதினார்.

அதற்கு இருபது வருஷம் கழித்து, 1932இல், அதே மாதிரி பன்னிரண்டு பேரின் கதையைச் சேர்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியில் வரும் ஒரு சின்னக் கட்டிதான் மூலம் என்றார். ஆனால் இதே அடையாளங்களோடு செத்துப்போன சிலரின் உடலில் பிட்யூட்டரி நன்றாக இருந்தது, கட்டி அண்ணீரகத்தில் இருந்தது. யார் சொல்வது சரி என்று கொஞ்ச காலம் வாக்குவாதம் நடந்தது. இரண்டு தரப்பும் சரி என்பதுதான் கடைசியில் தெரிந்தது.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில் ஆளுக்கொன்றாக இரண்டு அண்ணீரகங்கள். நாய்க்கு இடது பக்கத்தது கிட்டத்தட்ட நிலக்கடலை வடிவம், நம்ம ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம். அதன் வெளிப்புற அடுக்கில்தான் கார்டிசால் என்ற ஹார்மோன் தயாராகிறது. எவ்வளவு தயாரிக்க வேண்டும் என்று ரத்தத்தின் வழியாகத் தாக்கீது அனுப்புவது பிட்யூட்டரி. கார்டிசால் போதுமான அளவு ஏறினால் பிட்யூட்டரி அதை உணர்ந்து தாக்கீதை நிறுத்தும். மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டாரை அணைக்கும் மிதவை மாதிரி.

பிட்யூட்டரியில் கட்டி வந்தால் அந்த மிதவை வேலை செய்யாது. தாக்கீது போய்க்கொண்டே இருக்கும், இரண்டு அண்ணீரகமும் வீங்கும். அண்ணீரகம் ஒன்றிலேயே கட்டி வந்தால் அது யாருடைய தாக்கீதுக்கும் காத்திருக்காமல் தானாகச் சுரக்கும், சும்மா கிடக்கும் மற்றது சுருங்கிவிடும். தானாக இந்த நோய் வரும் நாய்களில் நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து முதல் வகை, மிச்சம் இரண்டாம் வகை. மனிதர்களில் இது அபூர்வமான நோய். வயசான நாய்களில் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது. 1953இலேயே காஃபின், மன்சன் என்ற இருவர் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில், முடி கொட்டும் நாய்களின் ஹார்மோன் நோய்களைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதிவிட்டார்கள்.

கார்டிசால் கூடினால் ஏன் தொப்பை? அம்மா நினைத்த மாதிரி அது தீனியின் கொழுப்பு மட்டும் இல்லை. கல்லீரல் வீங்குகிறது. உடம்பில் மற்ற இடத்துக் கொழுப்பு வயிற்றுக்குள் சேர்கிறது. கார்டிசால் தசையின் புரதத்தைக் கரைப்பதால் வயிற்றைத் தாங்கும் தசை தளர்ந்து தொங்குகிறது. அதே புரதக் கரைப்புதான் தோலையும் மெலிய வைக்கிறது. வயிறு உதரவிதானத்தை மேலே தள்ள, மூச்சு இழுக்கும் தசைகளும் பலம் இழக்க, நாய் இரைக்கிறது. சிறுநீரகம் தண்ணியைப் பிடித்து வைக்க உதவும் ஹார்மோனுக்குக் கார்டிசால் குறுக்கே நிற்பதால் மூத்திரம் வெள்ளமாகப் போகிறது, போனதை ஈடுகட்ட நாய் குடிக்கிறது. பசியும் கூடுகிறது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நன்றாகத் தின்னும் நாயை நோயாளி என்று யார் நினைப்பார்கள்?

ஒரு பெயரில் இரண்டு பூச்சிமருந்து

இனி மருந்துக்கு வருவோம்.

DDT எல்லோருக்கும் தெரியும். அது பூச்சியைக் கொல்லும் என்று 1939இல் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது அதுதான் முக்கிய ஆயுதம். மருந்தடிக்க வருகிறவர்கள் வீட்டுச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அதற்கு ஒரு தங்கை உண்டு, DDD. தமிழில் எழுதினால் அக்காளும் டி.டி.டி., தங்கையும் டி.டி.டி. என்பதால் இங்கே மட்டும் ஆங்கில எழுத்தை விட்டுவைத்திருக்கிறேன். வேதியியல் சூத்திரத்தில் வித்தியாசம் தெரியும்:

```
DDT   C14H9Cl5
DDD   C14H10Cl4
```

ஐந்து குளோரினில் ஒன்று போய், அந்த இடத்தில் ஒரு ஹைட்ரஜன் வந்திருக்கிறது. அவ்வளவுதான். இதையும் பூச்சிக்கொல்லியாக விற்றார்கள். கலிஃபோர்னியாவின் கிளியர் ஏரியில் கொசு மாதிரியான ஒரு சிறு பூச்சியை ஒழிக்க 1949இல் இதைத்தான் கலந்தார்கள். ஏழு கோடிப் பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலந்தும், சில வருஷங்களில் மீனைத் தின்னும் முக்குளிப்பான் பறவைகள் செத்து மிதந்தன. ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய 'மௌன வசந்தம்' அந்தக் கதையைச் சொல்கிறது.

ஏரியில் கலப்பதற்கு முன்னாலேயே ஒரு துப்பு கிடைத்திருந்தது. அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகத்தில் ஆர்தர் நெல்சன், ஜெஃப்ரி வுடார்ட் என்ற இருவர் DDD எவ்வளவு நச்சு என்று பார்ப்பதற்காக நாய்களுக்குத் தீனியில் கலந்து கொடுத்தார்கள். புதுப் பூச்சிமருந்து வந்தால் வழக்கமாகச் செய்யும் சோதனைதான். நாய்களை அறுத்துப் பார்த்தபோது கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தது, அதையும் எதிர்பார்த்திருக்கலாம். எதிர்பாராதது, அண்ணீரகத்தின் வெளி அடுக்கு சுருங்கி அழிந்து போயிருந்தது. கார்டிசால் தயாராகும் அதே அடுக்கு. 1948இல் சுருக்கமாகவும் 1949இல் விரிவாகவும் இதை அறிவித்தார்கள்.

இதில் இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. இந்த நச்சு எல்லா விலங்கிலும் இப்படிச் செய்வதில்லை. எலி பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை, நாய்தான் மிகவும் எளிதில் பாதிக்கப்படுகிறது. அவர்கள் எலியோடு நிறுத்தியிருந்தால் இந்த விஷயம் அப்போது வெளியே வந்திருக்காது.

அடுத்த பத்து வருஷத்தில், விற்பனைக்கு வந்த DDD ஒரே பொருள் இல்லை, அணுக்கள் சற்று இடம் மாறிய பல வடிவங்களின் கலவை என்றும், அதில் ஒரு குறிப்பிட்ட வடிவம்தான் அண்ணீரகத்தைத் தாக்குகிறது என்றும் பிரித்தறிந்தார்கள். பிரித்தெடுத்த அந்த வடிவத்துக்கு மைட்டோடேன் என்று பெயர். அண்ணீரகப் புற்று வந்த மனிதர்களுக்கு முதலில் கொடுத்தார்கள், 1970இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1973இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெக்டரும் கூட்டாளிகளும் குஷிங் வந்த நாய்களுக்கு அதைக் கொடுத்த விவரத்தை வெளியிட்டார்கள். நாயில் தெரிந்த நச்சு, கால் நூற்றாண்டு கழித்து நாய்க்கே மருந்தாகத் திரும்பி வந்தது.

ஆனால் ஆபத்தான மருந்து. சுரப்பியைக் கரைக்கும் மருந்துக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். கொஞ்சம் கூடினால் சுரப்பியே இல்லாமல் போகும், கார்டிசால் அடியோடு இல்லாத நாய் சுருண்டு விழுந்து செத்துவிடும். அப்போது மருத்துவர்கள் கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. தினமும் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை கொடுத்துக்கொண்டு, நாய் வளர்ப்பவரிடம் தண்ணிச் சட்டியைக் கவனிக்கச் சொன்னார்கள். பாய்ந்து தின்னும் நாய் கொஞ்சம் நிதானித்தால், குடிக்கும் தண்ணி சட்டென்று குறைந்தால், அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு ரத்தம் எடுக்க வர வேண்டும். பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் அது நடக்கும். பிறகு வாரக் கணக்கில் பராமரிப்பு அளவு. ஆய்வகத்துக்கு முன்னால் வீட்டுச் சட்டி சேதி சொன்னது.

மணியின் எட்டு மணி நேரம்

இப்போது மருத்துவரின் கேள்விக்கு வருகிறேன். 1948 செப்டம்பரில், நெல்சனும் வுடார்டும் தங்கள் முடிவை அறிவித்த அதே வருஷம், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் மூட்டுவாதத்தில் படுத்துக்கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவள் எழுந்து நடந்தாள். 1950இல் நோபல் பரிசு. அங்கிருந்துதான் ஸ்டீராய்டு மருந்துகளின் காலம் தொடங்கியது. சுரப்பி தயாரிக்க வேண்டியதை ஊசியிலும் மாத்திரையிலும் களிம்பிலும் கொடுத்தால், உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. அரிப்புக்கென்று மாதக் கணக்கில் ஸ்டீராய்டு போட்ட நாய்க்கும் இதே தொப்பை, இதே இரைப்பு, இதே மெல்லிய தோல் வரும்.

வெளித்தோற்றம் ஒன்று, உள்ளே நடப்பது நேர் எதிர். அந்த நாயின் அண்ணீரகம் வேலை இல்லாமல் சுருங்கிக் கிடக்கும். அதற்கு மணியின் மருந்தைக் கொடுத்தால் கேடு. பயந்துபோய் ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தினாலும் கேடு, தூங்கும் சுரப்பி உடனே எழாது. மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதனால்தான் "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

மணிக்கு முதலில் சாதாரண ரத்தம், மூத்திரம் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை, சிறுநீரகம் பரவாயில்லை, மூத்திரம் தண்ணியாக இருந்தது, கல்லீரல் தொடர்பான ஒரு நொதி பல மடங்கு ஏறியிருந்தது. இதெல்லாம் சந்தேகத்தைக் கூட்டும், உறுதி செய்யாது. கார்டிசாலை ஒரு தடவை மட்டும் அளந்தாலும் பயனில்லை. மருத்துவமனைக்கு வந்த பயத்திலேயே நல்ல நாய்க்கும் அது ஏறும்.

ஆகவே மிதவையைச் சோதிக்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டைத் துளியளவு ரத்தத்தில் செலுத்துகிறார்கள். தொட்டி நிறைந்துவிட்டது என்று பிட்யூட்டரியிடம் சொல்லும் பொய்ச் செய்தி அது. ஆரோக்கியமான பிட்யூட்டரி அதை நம்பி தாக்கீதை நிறுத்தும், எட்டு மணி நேரம் கழித்தும் கார்டிசால் தரையில் கிடக்கும். அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், மணிக்கு 0.12 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் குப்பியில் ஒரு மில்லிக்கு 4 மில்லிகிராம் இருக்கும். அப்படியே எடுத்தால் 0.03 மில்லி, சாதாரண ஊசிக்குழலில் அளக்கவே முடியாது. ஆகவே பத்து மடங்கு நீர்த்து 0.3 மில்லி போட்டார்கள். இந்த இடத்தில் தப்பு நடந்தால் சோதனை மொத்தமும் வீண்.

ஊசிக்கு முன் ஒன்று, நாலு மணி நேரத்தில் ஒன்று, எட்டு மணி நேரத்தில் ஒன்று என்று மூன்று முறை ரத்தம். மணியின் கார்டிசால், டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்:

```
0 மணி   5.8
4 மணி   1.1
8 மணி   4.2
```

எட்டாவது மணி எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 1.4க்கு மேல் இருந்தால் சோதனை நோயைச் சொல்கிறது. மணிக்கு 4.2. பிறகு நாலாவது மணி எண். அதில் கார்டிசால் விழுந்திருக்கிறது, அதாவது பொய்ச் செய்தியைப் பிட்யூட்டரி கொஞ்ச நேரம் நம்பியிருக்கிறது, பிறகு திமிறிக்கொண்டது. அண்ணீரகக் கட்டி என்றால் இப்படி விழாது, அது யார் பேச்சையும் கேட்பதில்லை. ஆக மணிக்குப் பிட்யூட்டரி வகை. ஸ்கேனில் இரண்டு அண்ணீரகமும் 8 மில்லிமீட்டர் தடிமன், அவன் உடம்புக்கு அதிகம், இரண்டும் சமம். பொருந்தியது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. வேறு கடுமையான நோயில் கிடக்கும் நாய்க்கும் எண் ஏறி, இல்லாத குஷிங்கைக் காட்டும். தண்ணி, தொப்பை, தோல், முடி என்று அடையாளங்கள் இருந்தால் மட்டும்தான் சோதனைக்கே போக வேண்டும் என்று மருத்துவர் சொன்னதற்கு அதுதான் காரணம்.

அம்மா நிறுத்திய கேப்சூல்

மணிக்குக் கொடுத்தது மைட்டோடேன் இல்லை, டிரைலோஸ்டேன். அமெரிக்காவில் நாய்க்கு 2008இல் அனுமதி கிடைத்த மருந்து, இன்று பெரும்பாலான மருத்துவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான். இது சுரப்பியைக் கரைப்பதில்லை. கார்டிசால் தயாராகும் பாதையில் ஒரு நொதியை மட்டும் சில மணி நேரத்துக்கு மறிக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். பிட்யூட்டரிக் கட்டியை இது தொடுவதே இல்லை. கட்டி வளர்ந்து மூளையை அழுத்தினால் நாய் சோர்ந்து, மூலையில் முட்டிக்கொண்டு நிற்கும், அதற்கு இந்தக் கேப்சூலிடம் பதில் இல்லை.

காலை 10, இரவு 10 மில்லிகிராம், சோற்றோடு. கர்ப்பிணிகள் கேப்சூலைத் தொடக்கூடாது என்றார் மருத்துவர். பிரித்துத் தூளாகக் கொடுக்கவும் கூடாது. நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். அம்மா தினமும் சட்டியை அளந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, வாட்ஸப்பில் படம் அனுப்புவார். பதினாலாவது நாள் 1,100 மில்லி. நாற்பத்தைந்தாவது நாள் 780, கிலோவுக்கு 65.

ஏழாவது வாரம் ஒரு காலை அம்மா போன் பண்ணினார். "மணி இட்லிய மோந்து பாத்துட்டுப் போயிட்டான்யா. ராத்திரி வாந்தி வேற. மாத்திரைய நான் குடுக்கல."

குடுக்கல என்றது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது அம்மாவுக்கு முழுதாகத் தெரியாது. மருத்துவர் முதல் நாளே சொன்ன ஒரே விதி அது: தின்ன மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, துவண்டாலோ கேப்சூலைக் கொடுக்காமல் உடனே வர வேண்டும். நோயில் இருக்கும் நாய் சோற்றை மறுக்காது. மறுத்தால் மருந்து கூடிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். உடம்புக்கு முடியவில்லை, மருந்தை விட்டுவிடக்கூடாது என்று ஊட்டியிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அப்பா அன்றைக்கே வண்டி பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார். ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் நல்லவேளையாகச் சரியாக இருந்தன, கார்டிசால் மட்டும் ரொம்ப இறங்கியிருந்தது. ஒரு வாரம் மருந்தில்லை. பிறகு காலை 10, இரவு 5.

விடியற்காலை இரைப்பு மூன்றாவது மாதத்தில் நின்றது. விலாவில் முடி வர ஐந்து மாதம் ஆனது, முன்னைவிடக் கொஞ்சம் பழுப்பாக. தொப்பை பாதி இறங்கியது, மீதி அப்படியே இருக்கிறது. இந்தச் சித்திரையில் போனபோதும் அவன் திண்ணையில் மத்தியானம் இரைத்துக்கொண்டுதான் படுத்திருந்தான். "இப்ப இது நெசமாவே வெயில்தான்ப்பா" என்றார் அப்பா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் விடியற்காலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து பார்த்தேன். மணி வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தான், சட்டியில் முக்கால்வாசித் தண்ணி இருந்தது.